கிணற்றில் போட்ட கல்

திங்கட்கிழமை காலையில் சத்துவாச்சாரியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பலருடைய கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அன்று குறைதீர்வு நாள். உறைக்குள் மனு, ஆதார் நகல், பட்டா நகல். நான் பத்திரிகைகளில் பிழைதிருத்தி ஓய்வுபெற்றவன் என்பது தெருவுக்குத் தெரியும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வந்து, “ஒரு தடவ பாத்துக் குடுங்க சார்” என்று தாளை நீட்டுவதுண்டு.

அப்படித்தான் அந்தத் தம்பி வந்தார். சொந்த ஊர் ஆம்பூருக்குப் பக்கத்தில். வேலை மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்பில். தோல் பதனிடும் இடத்தை இந்தப் பக்கத்தில் பலரும் தோல் ஷாப் என்றுதான் சொல்வார்கள். அம்மாவின் நிலத்திலுள்ள கிணற்றைப் பற்றி எழுதியிருந்தார். மனு இப்படித் தொடங்கியது:

“வற்றாத ஜீவநதியாகப் பாய்ந்தோடிய பாலாறு இன்று பாழாறாகிவிட்டது. தோல் ஆலைகளின் கோரப்பிடியில் சிக்கி விவசாயிகளின் வாழ்வாதாரம் கேள்விக்குறியாகியுள்ளது. நிலத்தடி நீர் விஷமாக மாறிவிட்டது. அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த மனுக்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. எங்கள் கண்ணீர் ஆறாக ஓடுகிறது. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.”

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று விடுபடவில்லை. நான் பேனாவை எடுத்து, பாலாறு என்பதை அடித்து நொய்யல் என்றும், தோல் ஆலை என்பதை அடித்துச் சாயப்பட்டறை என்றும் எழுதிக் காட்டினேன். வேறெதையும் தொடவில்லை. மனு அப்படியே திருப்பூர் மனு ஆகிவிட்டது.

“உங்க அம்மாவோட கிணறு இதுல எங்க இருக்கு தம்பி?”

தாளைத் திரும்ப வாங்கிப் படித்தார். கிணறு ஒரே ஒரு இடத்தில்தான் வந்திருந்தது. அதுவும் பழமொழிக்குள்.

கண் ஏன் வழுக்கிக்கொண்டு போகிறது

கீழேயுள்ள மூன்று வாக்கியங்களில் விட்டுப்போன சொல்லை நிரப்பிப் பாருங்கள். “கண்ணிமைக்கும் ........ எல்லாம் நடந்து முடிந்தது.” “தப்பியோடியவரைப் போலீசார் வலைவீசித் ........ வருகின்றனர்.” “இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ........” தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எவரும் நிரப்பிவிடுவார்கள். செய்தி எந்த ஊரில் நடந்தது, யாருக்கு நடந்தது என்று தெரியாமலே நிரப்பிவிடுவார்கள்.

இது அமெரிக்க இதழியல் ஆய்வாளர் வில்சன் டெய்லர் 1953-இல் அறிமுகப்படுத்திய ஒரு சோதனையின் எளிய வடிவம். ஒரு பத்தியில் இத்தனை சொல்லுக்கு ஒரு சொல் என்று நீக்கிவிட்டு, படிப்பவரை நிரப்பச் சொல்வார். எவ்வளவு அதிகமாகச் சரியாக நிரப்புகிறார்களோ, அந்தப் பத்தி அவ்வளவு எளிது என்று கணக்கு. தேய்ந்த தொடர்களின் பொறி இங்கேதான் இருக்கிறது. அவை படிக்கக் கடினமானவை அல்ல, எல்லாவற்றையும்விட எளிதானவை. பழகிய தொடர்களைக் கண் மற்ற சொற்களைவிட வேகமாகக் கடக்கிறது என்பதைக் கண் அசைவை அளக்கும் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எழுதுகிறவரின் கையும் அதே வேகத்தில் கடக்கிறது. அதனால் இருவருக்குமே எங்கும் இடறுவதில்லை.

ஆனால் தகவல் என்பது எதிர்பாராததில்தான் இருக்கிறது. கிளாட் ஷானன் 1948-இல் தகவலை அளக்க ஒரு வழி சொன்னபோது அதைத்தான் அடிப்படையாக வைத்தார்: அடுத்து வருவதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிட முடியும் என்றால், அது வந்து சேர்வதால் நமக்குக் கூடுதலாகத் தெரிவது எதுவுமில்லை. “வலைவீசித்” என்பதற்குப் பிறகு “தேடி” வருவதால் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை தனிப்படை, எந்த ஊருக்குப் போயிருக்கிறது, கைபேசிக் கோபுரத்தை வைத்துத் தேடுகிறார்களா, உறவினர் வீட்டில் விசாரிக்கிறார்களா? இதில் ஒன்று தெரிந்திருந்தாலும் நிருபர் அதை எழுதியிருப்பார். தெரியாத இடத்தில்தான் வலை வருகிறது.

தோல் போன்ற கை

பழகிய உருவகம் எப்படித் தேய்கிறது என்பதை மொழியியலாரும் நரம்பியலாரும் மூளைக்குள்ளேயே போய்ப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் நமக்குப் பக்கத்தில் படித்தவர். கே. சத்தியன் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்துவிட்டு, பிற்பாடு அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் தொடுவுணர்வைப் பற்றி ஆய்வு செய்தார். 2012-இல் அவருடைய குழுவினர் ஒரு சிறு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, வாக்கியங்களைக் காதில் கேட்கச் செய்தார்கள். ஒன்றில் தொடுவுணர்ச்சி சார்ந்த உருவகம் இருக்கும். அதன் இணையில் அதே பொருள் நேரடியாகச் சொல்லப்பட்டிருக்கும். அன்றைய நாள் மோசமாகப் போனது என்பதை “சொரசொரப்பான நாள்” என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அது ஒரு சோடி. தோல் போன்ற கைகள், வலுவான கைகள் என்பது இன்னொன்று.

உருவகத்தைக் கேட்டபோது, பொருள்களைத் தொட்டு அவற்றின் சொரசொரப்பை அறியும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. நேரடி வாக்கியத்துக்கு அப்படி நடக்கவில்லை. மூளையில் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறும்; கருவி அளப்பது அந்த மாற்றத்தைத்தான். கலந்துகொண்டவர்கள் சிலரே என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் “சொரசொரப்பான நாள்” ஆங்கிலத்தில் நன்றாகத் தேய்ந்த தொடர். தேய்ந்த பின்னும் அதில் தொடுவுணர்வு கொஞ்சம் மிச்சமிருக்கிறது போலும்.

அதற்கு ஓராண்டு முன்பு, 2011-இல், ருத்விக் தேசாயும் உடன் ஆய்வாளர்களும் கை அசைவு சார்ந்த உருவகங்களை எடுத்துக்கொண்டார்கள். கருத்தைப் பிடித்துக்கொண்டான் என்று நாம் சொல்வதைப் போன்ற வாக்கியங்கள். அவர்கள் கண்டது வேறு விதம். உருவகம் எவ்வளவு பழகியதோ, அவ்வளவுக்கு உடல் அசைவோடு தொடர்புள்ள பகுதிகளின் வேலை குறைந்தது. புதிதாகக் கேட்கும்போது மூளை கையை நினைக்கிறது. நூறு முறை கேட்டபின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு கையை விட்டுவிடுகிறது.

இரண்டு ஆய்வும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தவில்லை. எழுதுகிறவருக்கு அதுவே ஒரு செய்தி. உருவகம் ஒரே நாளில் சாவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் தேய்வதும் இல்லை.

முழுக்கத் தேய்ந்துவிட்டால் பிரச்சினையும் இல்லை. ஊசிக்குக் காது என்று சொல்லும்போது யாரும் கேட்கும் காதை நினைப்பதில்லை. மேசைக்குக் கால், சீப்புக்குப் பல், காலம் ஓடியது எல்லாம் இன்று வெறும் சொற்கள். அவற்றை ஒரு வரைவிலிருந்து பொறுக்கி எடுப்பது வீண் வேலை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பாகுபாட்டைச் செய்தார். புது உருவகம் காட்சியைத் தருகிறது. செத்தது சாதாரணச் சொல்லாகிவிடுகிறது. தொல்லை தருவது நடுவில் கிடப்பது: காட்சியும் தராமல், சொல்லாகவும் ஆகாமல், எழுதுகிறவருக்கு யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் பயன்படுவது.

அந்த நடுவிலிருப்பதை அடையாளம் காண நம்மிடமே ஒரு கருவி உண்டு. தொல்காப்பியத்தின் உவமவியல், ஒப்புமை எதனால் பிறக்கிறது என்பதற்கு நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒத்திருக்க வேண்டும், அல்லது விளைவால், அல்லது வடிவத்தால், அல்லது நிறத்தால். ஒரு தொடரை எடுத்து, இந்த நான்கில் எது என்று எழுதியவரையே கேளுங்கள். “கோரப்பிடி” என்றால் பிடித்தது எது? கையின் வேலையைச் செய்தது எது? பிடி இறுகியது என்றால் என்ன இறுகியது? பதில் வராவிட்டால் அங்கே ஒப்புமை இல்லை. சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

உப்பு எங்கிருந்து வந்தது

தம்பியிடம் கேட்டேன்: “கோரப்பிடின்னா இன்னா நடந்தது? தோல் ஷாப்பைத் தோலுரிச்சுக் காட்டணும்னா அதையில்ல சொல்லணும்?”

அவர் சிரித்துவிட்டார். “உரிக்கிறது இங்க இல்ல சார். அது வெட்டுற எடத்துலயே முடிஞ்சிடும். எங்ககிட்ட வர்றது உப்பு போட்ட பச்சைத் தோல்.”

எனக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் “தோலுரித்துக் காட்டினார்” என்பது செத்த தொடர். தோலோடு வேலை செய்கிறவருக்கு அது செத்திருக்கவில்லை. அதனால்தான் அதிலிருந்த தவறு அவர் கண்ணில் பட்டது. அந்தத் திருத்தத்தில், மனுவில் இல்லாத முதல் உண்மையும் வந்துவிட்டது: உப்பு.

உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்கச் சாதாரண உப்பை அள்ளிப் போடுகிறார்கள். தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, அந்த உப்பையும் அழுக்கையும் போக்கத் தண்ணீரில் ஊறவைப்பது. பிறகு முடி கழலச் சுண்ணாம்பு. பிறகு சதை வழித்தல், அமிலம், டிரம்மில் போட்டுக் குரோமிய உப்போடு சுற்றுதல். வெளியே வரும்போது தோல் வெளிர்நீலமாக இருக்கும். வெட்ப்ளூ என்பது அதுதான். இதில் முதல் ஊறல் தண்ணீரில்தான் சாதாரண உப்பு மிக அதிகம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் நீக்க முடியாது. கசடு கீழே தங்கும், நாற்றம் போகும், ஆனால் உப்பு தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீர் பல்லாண்டுகள் வயலிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது. மணல் வழியாக இறங்கிக் கிணறுகளுக்குப் போனது.

இப்போது மனுவின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம்.

முதல் வாக்கியம் தேய்ந்தது மட்டுமல்ல, தவறும்கூட. பாலாறு எந்தக் காலத்திலும் வற்றாத ஜீவநதியாக இருந்ததில்லை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வரும் மழைநீர் ஆறு அது. மழைக்குப் பெருகும், 2021 நவம்பரில் பெருகியதுபோல. மற்ற நாட்களில் மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்குள் இருந்தது. ஆற்றில் ஊற்று தோண்டினார்கள். ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே “நதி வற்றியது” என்று எழுதினால், கெட்டது எது என்பதே மறைந்துவிடுகிறது. கெட்டது மேலே ஓடிய ஆறு அல்ல. மணலுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் இருந்த தண்ணீர். இந்த மாவட்டத்தில் பாலாற்றைப் பற்றி எழுதுகிற பலரும் வேறு ஏதோ ஒரு ஆற்றின் வர்ணனையை எடுத்து இதன்மேல் போட்டுவிடுகிறோம்.

“வாழ்வாதாரம் கேள்விக்குறியாகியுள்ளது” என்பதற்குப் பதிலாக என்ன எழுதலாம்? 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பில், வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கு ஒன்று எடுத்துக்காட்டப்படுகிறது: தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது. அந்த வாக்கியத்தில் கேள்விக்குறி இல்லை, கண்ணீர் இல்லை. பகுதியாகவோ முழுமையாகவோ என்ற கவனம் இருக்கிறது. நீதிமன்றத்தை அசைத்த வாக்கியங்கள் அந்த மாதிரியானவை.

மூன்றாவது, “விஷம்”. இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று, மேலே சொன்ன உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது குடிநீருக்கு ஏற்றது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. மற்றொன்று குரோமியம், அதற்கு எல்லை லிட்டருக்கு வெறும் 0.05 மில்லிகிராம். அதிலும் இரண்டு வகை. தோலைப் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் கொண்டது. அது பெரும்பாலும் கசடோடும் மண்ணோடும் ஒட்டிக்கொள்ளும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவுக் குவியலில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது. அது தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் தரக்கூடியது. இரண்டு ஊர், இரண்டு பொருள், இரண்டு விதமான பரிசோதனை, இரண்டு விதமான தீர்வு. “விஷம்” என்று எழுதிவிட்டால் எதைச் சோதிக்க வேண்டும் என்பது அதிகாரிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

“உங்க கிணத்துல எது?” என்றேன்.

“தெரியல சார். பருப்பு வேகாது. சோப்புப் போட்டா நுரை வராது. வாயில வச்சா உப்புக் கரிக்கும்.”

“அதை எழுதுங்க.”

தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு, தெரிந்ததை எழுதினால் போதும். பருப்பு வேகாமலிருப்பது தண்ணீரின் கடினத்தன்மைக்கு அடையாளம். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில் பருப்பின் தோலும் செல்சுவரும் இளகுவதில்லை. சோப்பு நுரைக்காததற்கும் காரணம் அவைதாம். சமையலறையில் பார்த்த இரண்டு விஷயம், விஷம் என்ற சொல்லைவிட ஆய்வகத்துக்கு அதிகம் சொல்கிறது.

“அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்” என்பதும் உடைந்தது. எந்த அதிகாரி, எந்த ஆண்டு? 1996 தீர்ப்பு ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிப்பை அளந்து இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. அந்த ஆணையம் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு என்று முடிவு செய்தது. ஆகவே ஒரு கட்டத்தில் சிலர் கண்ணைத் திறந்திருக்கிறார்கள். தம்பியின் குடும்பம் அந்தப் பட்டியலில் இருந்ததா, இல்லையா? அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு போன் போட்டார். ஏதோ ஒரு தொகை வந்ததாகவும், அப்பா இருக்கும்போது வாங்கியதாகவும் அம்மா சொன்னார்கள். மனுவில் இது இல்லாமல் போயிருந்தால், அலுவலகத்தில் முதல் கேள்வியிலேயே தடுமாறியிருப்பார்.

இதுதான் நான் முப்பது வருடம் மற்றவர்களின் வரைவுகளைத் திருத்திக் கற்றுக்கொண்டது. தேய்ந்த தொடரை எடுத்துவிட்டு அழகான தொடர் ஒன்றை வைப்பது திருத்தம் அல்ல. தேய்ந்த தொடர் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு விசாரணை நடக்காமல் இருக்கிறது. போன் போட வேண்டியிருக்கும். ஆவணத்தைத் தேட வேண்டியிருக்கும். கிணற்றுக்கே போக வேண்டியிருக்கும்.

காவு வாங்கியது யார்

செய்தியிலும் அப்படித்தான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சம்பவம் நடந்தது. அதைப் பற்றிப் பேசும்போது “கோர விபத்து அப்பாவித் தொழிலாளர்களைக் காவு வாங்கியது” என்ற தொடர் இன்றும் எளிதாக வாயில் வருகிறது. காவு கேட்பது தெய்வம். தெய்வம் கேட்டால் மனிதன் செய்வதற்கு எதுவுமில்லை.

நடந்தது இது: தோல் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில், கசடு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. கசடு பக்கத்திலிருந்த தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

இப்படி எழுதியவுடன் கேள்விகள் தாமாக வருகின்றன. சுவரின் வலு என்ன, தொட்டியில் எவ்வளவு கசடு இருந்தது? தொழிலாளர்கள் ஏன் வேலை செய்யும் இடத்திலேயே, அதுவும் தொட்டியை ஒட்டித் தூங்கினார்கள்? “காவு” என்ற சொல்லில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. அந்தச் சொல் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியவரை மட்டும் காணாமல் போகச் செய்துவிடுகிறது.

தவறும் இடங்கள்

நேரடியாக எழுதுவதிலும் தவறுகள் நடக்கும். புதிதாகத் திருத்தப் பழகுகிறவர்கள் தேய்ந்த தொடரை எடுத்துவிட்டு, கேட்ட செய்தியைப் பார்த்ததுபோல எழுதிவிடுவார்கள். தம்பியின் இரண்டாவது வரைவில் “தோல் ஆலை இரவில் கழிவைத் திறந்துவிடுகிறது” என்று இருந்தது. பார்த்தீர்களா என்றேன். இல்லை, ஊரில் சொல்வார்கள். அப்படியென்றால் அதை அப்படியே எழுத வேண்டும்: ஊரில் சொல்கிறார்கள், நான் பார்த்தது, காலையில் கால்வாய்த் தண்ணீர் நீலமாக இருந்தது. நேர்வாக்கியத்துக்கு நம்பகம் அதிகம் என்பதால், அதில் வரும் பொய்க்கும் பலம் அதிகம்.

இன்னொரு தவறு, எண்களைக் கொட்டுவது. “கோடிக்கணக்கான லிட்டர்”, “ஆயிரக்கணக்கான ஏக்கர்” என்பவை எண்ணைப் போல வேஷம் போட்ட தேய்ந்த தொடர்கள்தாம். ஒரு கிணற்றைப் பற்றிய மனுவில் 35,000 ஹெக்டேருக்கு வேலையில்லை. தீர்ப்பை அவருக்கு நான் சொன்னது அவருடைய அறிவுக்கு. மனுவுக்கு வேண்டியது அவருடைய ஒரு ஏக்கர்.

சில வாக்கியங்களுக்குப் பதில் வாக்கியமே கிடையாது. “கண்ணீர் ஆறாக ஓடுகிறது” என்பதற்கு எது உண்மை என்று யோசித்தோம். அம்மா அழுதாரா என்று கேட்டேன். “அழறதெல்லாம் இல்ல சார். கெணத்தப் பத்திப் பேசவே பேசாது” என்றார். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டோம். அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை.

உருவகத்தை அறவே ஒழிப்பதும் நோக்கம் அல்ல. “தண்ணி வாயில கரிக்கும்” என்பது சிலருக்குக் கரி எரிவதை நினைவூட்டலாம். சுவைத்தவர் எவருக்கும் அது புரியும், அதை அடிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியரின் நான்கு கேள்வியில் ஒன்றுக்காவது எழுதியவர் உடனே பதில் சொன்னால், அந்த உருவகம் இருக்கட்டும்.

கடைசியில் மனு இப்படி வந்தது:

“என் தாயார் பெயரில் எங்கள் ஊரில் ஒரு ஏக்கர் நிலமும் அதில் ஒரு கிணறும் உள்ளன. சர்வே எண்ணும் பட்டா நகலும் இணைத்துள்ளேன். நிலத்துக்கு மேற்கே ஒரு கால்வாய் இருக்கிறது. அதில் சில நாட்கள் காலையில் நீல நிறத் தண்ணீர் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயது ஆகும்வரை அந்தக் கிணற்று நீரைக் குடித்தோம். இப்போது அந்த நீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, வாயில் உப்புக் கரிக்கிறது. நெல் வைப்பதை நிறுத்திவிட்டுத் தென்னை வைத்தோம். கோடையில் வரப்பில் வெள்ளையாக உப்புப் படிகிறது. முன்பு என் தந்தைக்கு ஒருமுறை இழப்பீடு கிடைத்ததாகத் தாயார் சொல்கிறார். சென்ற ஆண்டு நான் கொடுத்த மனுவின் ரசீது நகல் இத்துடன் உள்ளது, பதில் வரவில்லை. இந்தக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவையும் குரோமியத்தின் அளவையும் சோதித்து, முடிவை எழுத்தில் தர வேண்டுகிறேன்.”

முடிவிலுள்ள வேண்டுகோளைப் பாருங்கள். முன்பு “தக்க நடவடிக்கை” என்று இருந்தது. தக்கது எது என்று யாருக்கும் தெரியாததால், எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும், நடவடிக்கை எடுத்தாயிற்று என்று பதில் எழுதிவிடலாம். இப்போது கேட்டிருப்பது இரண்டு எண்கள். கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா என்பதை ஒரு பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும்.

“கிணத்துல போட்ட கல்லு” என்பதை அடித்தபோது மட்டும் தம்பிக்கு மனசில்லை. நல்லாத்தானே சார் இருக்கு என்றார். நான்கு கேள்வியைக் கேட்டேன்: வினையா, பயனா? கல்லைக் கிணற்றில் போட்டால் என்ன ஆகும்?

“சத்தம் வரும்” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எங்கம்மா அப்படித்தான் சார் பாக்கும். கல்லப் போட்டுட்டுக் காத வச்சிக் கேக்கும். சத்தம் வர்ற நேரத்த வச்சி, தண்ணி இவ்ளோ கீழ இருக்குன்னு சொல்லிடும்.”

அம்மா செய்தது சரியான இயற்பியல். விழும் கல் முதல் ஒரு விநாடியில் சுமார் 16 அடி போகும். இரண்டு விநாடி ஆனால் 64 அடி. நேரம் இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்கு. சத்தம் மேலே வரும் நேரம் மிகச் சிறியது, விட்டுவிடலாம். கிணற்றில் போட்ட கல் பதில் சொல்லாது என்று யார் முதலில் சொன்னார்களோ, அவர்கள் கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுக்காமல் போயிருக்க வேண்டும்.

“இப்பவும் போட்டுப் பாப்பாங்களா?”

“எங்க சார். அந்தத் தண்ணி எதுக்கு ஆவுது, எவ்ளோ ஆழத்துல இருந்தா இன்னா?”

அம்மா கல்லைப் போட்டுக் கேட்டதை மனுவில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அது அம்மாவுடையது, அதிகாரியுடையது அல்ல என்று தோன்றியது. தாளை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.